சாப்டியா என்று கேட்ட பிறகு வரும் பசி

எங்கள் ஊர் ஏரியில் இறால் குறைந்த பிறகு என் வீட்டுக்காரர் மங்களூர் பக்கம் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டார். மகள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். கோட்டைக்குப்பத்து வீட்டில் நானும் ஒரு பூனையும்தான் மிச்சம். அந்தப் பூனைக்கும் என்னைப் பிடிக்காது, மீனுக்காக வரும்.

நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. படகு கரைக்கு வரும் நாட்களில் சாயங்காலம் போன் செய்வார்.

"சாப்டியாமே?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சி. இன்னா கொழம்பு?"

"மடவை மீனு."

"சரி, வெச்சிடறேன்."

இவ்வளவுதான் எங்கள் குடும்பம் நடந்த லட்சணம். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

போனை வைத்த மறுநிமிடம் பசிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருந்தாலும் பசிக்கும். அவரோடு முன்பு ஏரிக்குப் போன கூட்டாளிகள், ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டுக்குக் குழம்பு மீன் பங்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. சொன்னால், அவர் இனி வரமாட்டார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டு பேருக்குக் குழம்பு வைப்பேன், அவர் பங்கை மூடி வைப்பேன், போன் வந்ததும் அதையும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவேன். அப்புறம் மிக்சர், அப்புறம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. வயிறு வலிக்கும்போதுதான் கை நிற்கும். நின்றதும் என்மேலேயே ஆத்திரம் வரும்.

நண்டு கவ்விய கால் விரலில் புண் ஆறாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில், அந்தக் காலத்தில் இங்கே இருந்து செத்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். ஊரிலேயே என்னைப் பார்த்து "இன்னாமே, இப்டி பெருத்துட்ட?" என்று கேட்காதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ரத்தம் பார்த்தார்கள். சுகர் எக்கச்சக்கம். இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்த நர்ஸ் என்னைவிட இளையவள். சாப்பிட்டும் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு, திட்டப் போகிறாள் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கேட்டது வேறு.

"பசி மெதுவா வருதாக்கா, திடீர்னு வருதா?"

"திடீர்னுதான். போன வெச்சவுடனே."

"அப்போ வெறும் கஞ்சி குடுத்தா குடிப்பியா?"

"கஞ்சியா? அத்த யாரு குடிப்பா!"

சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். வயிற்றுப் பசி மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளும், நிறைந்தால் அடங்கும் என்றாள். மனசு கேட்பதோ சட்டென்று வரும், இன்னதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், வயிறு நிறைந்தும் நிற்காது. அதற்காகப் பட்டினி கிடக்காதே, மதியம் சாப்பிடாமல் விட்டால் சாயங்காலம் இன்னும் மோசமாகும் என்றாள். மாத்திரையால் சுகர் ரொம்ப இறங்கி, வேர்த்துக் கை நடுங்கிப் பசித்தால் மட்டும் யோசிக்காமல் சர்க்கரை வாயில் போடச் சொன்னாள்.

ஒரு நாள் வெயிலில் நின்று நெத்திலி காயப்போட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். கஞ்சியும் வெங்காயமும் அமிர்தமாக இறங்கின. அது பசி. அன்று சாயங்காலம் போன் வைத்ததும் அதே கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடப் பிடிக்கவில்லை. கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. அவர் குரல்தான் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. இத்தனை நாளும் இதன்மேல்தான் சோற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த முறை படகு கரைக்கு வந்தபோது அவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"சாப்டியாமே?"

"சாப்ட்டேன்யா. ஆனா நீ போன வெச்சா மறுபடி பசிக்குது. அது பசி இல்லனு நர்சு சொல்லுது. நீ இல்லாம எனக்கு இங்க இருக்க முடில."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்தப் பக்கம் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். 'சரி, வெச்சிடறேன்' என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எனக்கும் சோறு எறங்கலமே," என்றார் மெதுவாக. "வெச்சிடாத. கொஞ்ச நேரம் அப்டியே இரு."

போன் சூடாகும் வரை காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு மூடி வைத்திருந்த அவர் பங்கு மீனை எடுத்துப் பூனைக்கு வைத்தேன். அது தின்று முடித்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. எனக்குப் பசிக்கவில்லை.