நின்று பார்த்த வெளிச்சம்

தமிழ்வாணனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. பிள்ளைப்பாக்கத்தில் வீடு. எப்போதாவது கதை எழுதுவான். 1991இல் எழுதியது இரவு நேரப் பட்டணத்தைப் பற்றியது. சிறுபத்திரிகை நடத்திய ஜெபகுமார் அதைப் பாராட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நம்ம ஆளுங்க பட்டணத்து ராத்திரின்னா எல்லாத்தையும் ஜொலிக்க வுட்டுடுவானுங்க. குப்பைத்தொட்டிகூட ஜொலிக்கும். நீ அப்பிடி இல்லப்பா.”

கதையை எடுத்து வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். கூவத்துத் தண்ணீர் பளபளத்தது.

“அதுக்குன்னு சொந்த வெளிச்சம் கிடையாது. ஈரத்துல வாங்கித் திருப்பிக் குடுக்குது. பளபளப்புதான் சரி.”

தூரத்து ஜன்னல்கள் மினுங்கின.

“சின்னது, மங்கலு. எரியுதா இல்லியான்னு இருக்கும்.”

விளம்பரப் பலகையில் சிவப்பு எழுத்துகள் மின்னி மறைந்தன. தியேட்டர் முகப்பு மட்டும் ஜொலித்தது.

“அந்த வார்த்தைய ஒரே ஒரு எடத்துல வச்ச பாரு, அதான் எடுப்பா கீது. பாலத்துல நின்னு நிதானமா பாத்தவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எவ்ளோ நேரம் நின்ன?”

“சும்மா கற்பனை சார்.”

“யார்கிட்ட கதை வுட்ற?”

தேநீர் கொண்டுவந்த அவன் மனைவி மஞ்சுளா டம்ளர்களோடு அப்படியே நின்றாள்.

போன ஐப்பசியில் அவள் அம்மா முனியம்மாளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு ராத்திரி கூவத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊசி மருந்து வாங்கப் போன தமிழ்வாணன் திரும்பி வந்தபோது முனியம்மாள் இறந்திருந்தாள். மருந்துக்கடையில் கூட்டம், வரிசையில் நின்றேன் என்று சொன்னான். மஞ்சுளா நம்பினாள்.

ஜெபகுமார் போன பிறகு கேட்டாள்.

“வரிசைல நின்னேன்னீங்களே.”

அவன் காலி டம்ளர்களை எடுக்கக் குனிந்தான்.

“எங்கம்மா தலைக்கு மேல ஒரு ட்யூப்லைட்டு இருந்துது. அதப் பத்தி ஒரு வார்த்தகூட எழுதலியே.”

அன்று முழுக்க அந்த விளக்குக்கு ஒரு சொல் தேடினான். ஒளிர்ந்ததா, நடுங்கியதா? அவன் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, பத்திரிகை அச்சாகிற தண்டலத்து அச்சகத்துக்குப் போனான். கூவம், ஜன்னல், சிவப்பு எழுத்து எல்லாவற்றுக்கும் இருந்த சொல்லை அடித்துவிட்டு ஜொலித்தது, ஜொலித்தன என்று மாற்றினான்.

“இன்னாய்யா, குப்பைத்தொட்டி ஒண்ணுதான் பாக்கி” என்றார் ஜெபகுமார்.

“அப்பிடியே போடுங்க சார்.”

பத்திரிகை வந்தது. மறைத்துவைக்கவும் கூச்சமாக இருந்தது, மேசைமேல் போட்டான். மஞ்சுளா நின்றபடியே கடைசிவரை படித்தாள்.

“இப்ப யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க” என்றாள். “பாக்காதவன் எழுதுன மாதிரியே கீது.”

அவன் பத்திரிகையை வாங்கி மூடினான்.

“அந்த ட்யூப்லைட்டு வுட்டு வுட்டு எரிஞ்சிகினு இருந்துது. எங்கம்மா கண்ணு கூசுதுன்னு சொல்லிகினே இருந்துச்சு. எனக்கு எட்டல. நீங்க இருந்திருந்தா ஸ்டார்ட்டரக் கொஞ்சம் திருகி வுடச் சொல்லியிருப்பேன்.”