கந்தப்பன் துடைத்த கட்டைவிரல்கள்

யாரிடம் கைநாட்டு வாங்கினாலும் கந்தப்பன் தன் துண்டின் முனையால் அவர் விரலைத் துடைத்துவிடுவார். மையின் நிழல்கூட மிஞ்சக் கூடாது. பன்னிரண்டு வருடமாக அந்தத் துண்டு ஒரு மூலையில் மட்டும் நீலமாகவே இருந்தது.

குமாரபாளையம் பக்கத்து நூற்பாலையில் அவர் பங்குப் பிரிவு குமாஸ்தா. குடும்பத்தில் முதலில் பி.காம். படித்தவர். ஆலையின் பங்குகளை வாங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் குடியானவர்கள். ஆண்டுக்கொரு முறை ஈவுத்தொகை கொடுக்க ஊர் ஊராகச் சைக்கிளில் போவார். ரசீதில் ஒரு கைநாட்டு வாங்குவார். அடியில் இருக்கும் இன்னொரு தாளிலும் ஒன்று வாங்குவார். அது, அடுத்த பொதுக்கூட்டத்தில் தன் சார்பில் ஓட்டுப் போட இன்னொருவருக்கு உரிமை கொடுக்கும் படிவம். அந்த இன்னொருவரின் பெயரும் தேதியும் எழுதாமல் வெறுமையாக இருக்கும்; சாட்சிக் கையெழுத்து மட்டும் கந்தப்பன் போடுவார்.

வெண்ணந்தூர் பாப்பாயி ஒருமுறை கேட்டாள்: "இது என்னுங்க சாமி, ரெண்டாவது?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க அக்கா. பணம் வாங்கினதுக்குத்தான்."

கிணற்று மேட்டு நிலத்தை விற்று நூறு பங்கு வாங்கிய விதவை அவள். விரலை நீட்டினாள். அவர் துடைத்துவிட்டார்.

அப்படி வந்த படிவங்கள் எல்லாம் நிர்வாக இயக்குநர் மயில்சாமியின் பெயரில் நிரப்பப்பட்டன. ஆலையில் அவருடைய சொந்தப் பங்கு நூற்றுக்கு ஆறுகூட இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் கந்தப்பன் ஒன்றைக் கவனித்தார். ஆலைக்குப் பஞ்சு கொடுத்தது மயில்சாமியின் மருமகன் நடத்திய கடை. கழிவு கலந்த பஞ்சு, சந்தையைவிடக் கூடுதல் விலை. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் தனக்குச் சம்பந்தம் உண்டென்று மயில்சாமி இயக்குநர் சபையிடம் சொல்லி, அதன் சம்மதம் வாங்கி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு கந்தப்பன் மேசையில்தான் இருந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது.

பல நாள் யோசித்தார். தான் யாருடைய ஆள்? சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுபவருடைய ஆளா, அந்தச் சம்பளம் யார் போட்ட முதலிலிருந்து வருகிறதோ அவர்களுடைய ஆளா? கடைசியில் சபைத் தலைவர் செங்கோட்டையனுக்குத் தனிக் கடிதம் எழுதினார். தலைவர் ஊரில் நியாயம் சொல்பவர்.

மூன்றாம் நாள் அந்தக் கடிதம் மயில்சாமியின் மேசையில் கிடந்தது.

"ஏனுங்க கந்தப்பரே, உமக்குச் சம்பளம் போடறது யாரு?"

"கம்பெனிங்க."

"கம்பெனிக்குக் கை இருக்குதா? வாய் இருக்குதா? நான்தானய்யா அதுக்குக் கையும் வாயும்."

"வயிறும் நீங்களே ஆயிட்டீங்களேங்க."

மயில்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே கந்தப்பனைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்.

கந்தப்பன் பெயரிலும் பத்துப் பங்கு இருந்தது. பொதுக்கூட்டத்தில் உறுப்பினராக எழுந்து நின்றார். அந்த ஆண்டு மயில்சாமி மறுபடி தேர்வாக வேண்டும். பஞ்சு விலை, மருமகன், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் சொன்னார். வந்திருந்த குடியானவர்கள் கொதித்துப்போனார்கள். கையுயர்த்திய கணக்கில் மயில்சாமி தோற்றார்.

செங்கோட்டையன் தொண்டையைச் செருமினார். "பங்குக் கணக்கில் ஓட்டெடுப்பு."

கை தூக்குவதில் ஆளுக்கு ஒன்று. வராதவர்களின் படிவத்துக்கு அங்கே இடமில்லை. பங்குக் கணக்கில் பங்குக்கு ஒன்று, படிவங்களும் சேரும். கட்டுகளை அவிழ்த்தார்கள். மயில்சாமி சாவகாசமாக ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார்.

"வெண்ணந்தூர் பாப்பாயி, நூறு பங்கு. சாட்சி, கந்தப்பன்."

"மேச்சேரி சென்றாயன், அறுபது. சாட்சி, கந்தப்பன்."

பெயருக்குப் பெயர் அதே சாட்சி. யாரோ பின்னாலிருந்து, "இவனே கைநாட்டப் புடிச்சாந்துட்டு இவனே கத்தறான்டா!" என்றான். கூடம் சிரித்தது.

மயில்சாமி கைகாட்டினார். "இந்தக் கைநாட்டுங்க செல்லாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க கந்தப்பரே. எப்படி வாங்கினீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

ஒரு வாக்கியம் போதும். என்னவென்று சொல்லாமல் பொய் சொல்லி வாங்கினேன் என்று சொன்னால் கட்டு முழுதும் சந்தேகத்துக்குள்ளாகும். தானும் மோசடிக்காரன் ஆவார். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். கந்தப்பன் துண்டின் நீல முனையைப் பார்த்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மயில்சாமி ஜெயித்தார்.

அலுவலக ரகசியத்தை வெளியிட்டதாகச் சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். எண்பத்தாறில் ஆலையும் மூடியது. மருமகன் ஈரோட்டில் வேறு பெயரில் கடை திறந்தார்.

கந்தப்பன் திருச்செங்கோட்டில் மனு எழுதிப் பிழைத்தார். எண்பத்தொன்பதில் ஒருநாள் பாப்பாயி வந்து உட்கார்ந்தாள். மடியில் பங்குப் பத்திரம்.

"நெலம் போச்சு சாமி. இதுக்காச்சும் எதாவது தருவாங்களான்னு எழுதிக் குடுங்க. நீங்க ஒருத்தர்தான் அன்னிக்கு எங்களுக்காவ நின்னீங்களாமா."

எழுதினார். பஞ்சு, மருமகன், தலைவர் எல்லாம் மனுவில் இருந்தன. இரண்டாவது கைநாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டும்போது அது வர வேண்டிய இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடலாம். பாப்பாயி அவரை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெரலை எங்க வெக்கறதுங்க?"

காட்டினார். வைத்தாள். கூலி வேண்டாம் என்றார். துண்டை எடுத்து, அவள் விரலை மை போகும்வரை துடைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.