பெட்டி திரும்பி வந்த நேரம்

என் மகளின் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று இருக்கிறது. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது கண்ணாடியில் அதுதான் முதலில் தெரியும். உடனே அவளுடைய பி.டி. சாரின் முகம் நினைவுக்கு வரும். அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இதைப் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை.

அவள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். த்ரோபால் அணிக்குக் கேப்டன். ஒரு நாள் மாலைப் பயிற்சியில் பின்னால் போன பந்தை எட்டிப் பிடிக்கப் பாய்ந்து, வலை கட்டும் கம்பத்தின் இரும்புக் கொக்கியில் முகம் மோதி விழுந்தாள். மைதானத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை. பஞ்சு இல்லை, கட்டுத்துணி இல்லை. கூட ஆடிய பெண்கள் மூட்டையிலிருந்த ஒன்பதாம் எண் ஜெர்சியை எடுத்துக் காயத்தில் வைத்து அழுத்தினார்கள். வாட்ச்மேன் ஆட்டோ பிடித்து அனுப்பினார். நான் பொம்மசந்திராவில் வேலை செய்யும் இடத்திலிருந்து ஓசூர் ரோடு நெரிசலில் ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தையல் போட்டு முடித்திருந்தார்கள். அவள் மடியில் அந்த ஜெர்சி இருந்தது. மஞ்சள் ஜெர்சி. பாதி வரை மஞ்சள் தெரியவில்லை.

"அம்மா, இது ஸ்கூலுது. துவைச்சுக் குடுக்கணும்" என்றாள். முதலில் சொன்னதே அதுதான்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் காயப்போட்டேன். பழுப்பாக ஒரு திட்டு நின்றுவிட்டது. கட்டுப் பிரித்ததும் அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அவள் அறைக் கதவு திறக்கவில்லை. நடந்ததை அவளுடைய தோழியிடம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பி.டி. சார் ஜெர்சியை வாங்கவில்லை. விளையாட்டு அறை வாசலில், பத்தாம் வகுப்புப் பையன்களும் வரிசையில் நிற்கும்போது, "தூக்கிக் காட்டும்மா, ஸ்கூல் சொத்தை எப்படி வச்சிருக்கீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாராம். இவள் இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ரத்தக் கறை படிந்த துணி. பின்னால் நின்ற ஒருவன் என்ன நினைத்துச் சிரித்தான் என்பதைப் பெண் பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சார் அவனை அதட்டவில்லை. சாமான் கொடுத்து வாங்கும் ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'டேமேஜ், ஏற்கப்படவில்லை' என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் மைதானம் பக்கமே போகவில்லை. பந்து வாங்கப் போகிற ஒவ்வொரு பெண்ணும் அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாரும் அதைப் பாக்கறாங்கம்மா. அது அங்க இருக்கிற வரைக்கும் நான் போக மாட்டேன்" என்றாள். மண்டல அளவிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் நாலாவதிலிருந்து காத்திருந்த போட்டி அது.

நான் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரின்ஸிபால் அறையில் பி.டி. சாரும் இருந்தார். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். கழுத்தில் விசில்.

"விழுந்த பிள்ளைக்கு முதலுதவி குடுக்க ஒரு பெட்டி கூட இல்லையா சார்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, விபத்து நடந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நோடி மேடம், இங்க பாருங்க, ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் ஒண்ணு, வாங்கினது உங்க பொண்ணு. இது அவ சைன்தானே? பெட்டி கையில இருந்திருக்கு. யூஸ் பண்ணாம இருந்தது யார் தப்பு? கேப்டன் வேற."

என் மகளின் கையெழுத்துதான். என் பிள்ளை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாளோ என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காகவும் அவர்மேல் எனக்குக் கணக்கு இருக்கிறது.

ஆனால் அவர் ரிஜிஸ்டரைத் தவறான ஆளிடம் நீட்டிவிட்டார். நான் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவள். ஸ்பானரிலிருந்து கையுறை வரை கொடுத்து வாங்குவதுதான் என் பிழைப்பு. பக்கத்தை என் பக்கம் திருப்பினேன். பந்து, ஜெர்சி மூட்டை, பெட்டி எல்லாவற்றுக்கும் கொடுத்த நேரம் இருந்தது. திரும்பி வந்த நேரமும் இருந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே பேனா. திரும்பி வந்த நேரம் பள்ளி பஸ் கிளம்பும் நேரம். என் மகள் விழுந்தது அதற்கு ரொம்ப நேரம் கழித்து.

"சார், இதுபடி பாத்தா பெட்டி அதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடுச்சே. அப்புறம் எப்படி அவ கையில இருக்கும்?"

அவர் பிரின்ஸிபாலைப் பார்த்தார். விளையாட்டு அறைச் சாவி வைத்திருக்கும் ஆயம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் கன்னடம் கலந்து பேசினார். "நானேனு மாட்லி மேடம், நான் என்ன பண்றது? நான் சின்னப் பிள்ளைங்க பஸ்ஸுல போகணும். பஸ் கிளம்பறதுக்குள்ள அறையைப் பூட்டணும். அதான் வாங்கும்போதே திருப்பிக் குடுத்த மாதிரி எழுதி வாங்கிக்கறது. பந்தை ராத்திரி கிளாஸ்ல வச்சிட்டுப் போவாங்க."

"பெட்டி?"

"பெட்டி வெளிய போகவே போகாது. பிளாஸ்திரியைப் பிள்ளைங்க விளையாட்டுக்கு ஒட்டிக்கிறாங்கன்னு சார் குடுக்க வேணாம்னாரு. புக்குல மட்டும் எழுதறது."

"எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான் மேடம்" என்றார் சார்.

"எங்க ஸ்டோர்ஸ்ல வாங்கிட்டுப் போறவனே திரும்பி வந்துச்சுன்னும் எழுதினா, அதுக்குப் பேரு ரிஜிஸ்டர் இல்ல சார். ஆட்டோகிராஃப் நோட்டு."

பிரின்ஸிபால் சமாதானமாகப் பேசினார். உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள் என்றார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வாயால் ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிருக்கும். நான் வேறொன்று கேட்டேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தன்று, விளையாட்டு அறையில் உள்ள எல்லாவற்றையும் ரிஜிஸ்டரோடு வைத்து என் முன்னால் சரிபார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டும் எழுத்துப்பூர்வமான புகாரும் என் கைப்பையில் இருந்தன. அவை வெளியே வருவதற்கு முன்பே பிரின்ஸிபால் சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். சொல்ல வெட்கமில்லை. அறைக்கு வெளியே மேஜை போடச் சொன்னேன், உள்ளே வெளிச்சம் போதாது என்று. கூட்டத்துக்கு வந்த பெற்றோர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பையன்களும் இருந்தார்கள். ஆயம்மா ரிஜிஸ்டரைப் பார்த்துப் படித்தார்.

"ஜெர்சி, எண் ஒன்று."

சார் மூட்டையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"எண் தெரியல சார். தூக்கிக் காட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை அவருக்குப் புரிந்துவிட்டது. பிரின்ஸிபால் பக்கத்தில் நின்றதால் தூக்கினார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. பின்பக்கம் பாக்கணும். தையல் விட்டிருக்கு, எழுதிக்கோங்க ஆயம்மா."

மூட்டையில் இருந்த அத்தனையையும் தூக்கிக் காட்டவைத்தேன். நாலாம் எண்ணுக்குக் கக்கத்தில் கிழிசல். ஏழாம் எண் காணவில்லை, 'திரும்பியது' என்று எழுதியிருந்தது. காற்றுப்போன பந்துகளைக் கழிவு என்று எழுதாமல் நல்ல பந்துக் கணக்கிலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் அவர் அமுக்கிக் காட்ட வேண்டியிருந்தது. வழியில் போன ஒரு அப்பா, "என்ன சார், ஏலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாரின் காது சிவந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

கடைசியில் பெட்டி. மூடி துருவேறித் திறக்கவே வரவில்லை. உள்ளே கண்ணாடித்தாள் பிரிக்காத கட்டுத்துணி, காலாவதியான மருந்து, கல்லாகிப்போன களிம்பு. கல்வியாண்டு முழுக்க மண் தரையில் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்காகத் தினமும் வெளியே போய்வந்ததாக எழுதப்பட்ட பெட்டி. செலவுப் பகுதியில் ஒரு பிளாஸ்திரி கூட எழுதப்படவில்லை.

"இப்ப அந்தச் சிவப்பு வரி" என்றேன்.

"ஒருதடவை எழுதினதை அழிக்கக் கூடாது மேடம். ரூல்ஸ்."

"அழிக்க வேணாம் சார். கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு போடுங்க. பக்கத்துல சரியானதை எழுதி, இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதுதான் ரூல்ஸ்."

கோடு போட்டார். என்ன எழுதுவது என்று பேனாவை நிறுத்தினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: பயிற்சியில் காயம், பெட்டி வழங்கப்படாததால் ஜெர்சி முதலுதவிக்குப் பயன்பட்டது. 'வழங்கப்படாததால்' என்ற இடத்தில் அவர் பேனா தயங்கியது. நான் காத்திருந்தேன். பிரின்ஸிபாலும் கீழே கையெழுத்துப் போட்டார். பெட்டி இனிமேல் பிள்ளைகள் பெயரில் போகாது, பயிற்சிக்குப் பொறுப்பானவர் பெயரில் போகும், ஆட்டம் முடிந்தபிறகு அவரே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றும் அன்றே ஆணை எழுதினார். சாவி அலுவலகத்துக்கு மாறியது.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து மகளிடம் காட்டினேன். அவள் அதை விரலால் பெரிதாக்கிப் படித்தாள்.

"அவரை அசெம்பிளியில சொல்ல வைக்கவாம்மா?" என்று கேட்டேன். நான் அதற்கும் தயாராக இருந்தேன்.

"ஐயோ, போதும்மா. அந்த மேஜை மேட்டர்லயே கிளாஸ் ஃபுல்லா ஓட்டறாங்க. நீ இனிமே ஸ்கூலுக்கு வராதே." பிறகு, "திங்கட்கிழமை ஷூ எடுத்துட்டுப் போறேன். ஆனா கேப்டன் வேணாம். அந்த புக்குல இனிமே நான் எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

கேப்டன் பதவி போனதில் எனக்குக் கோபம்தான். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வராதே என்று சொன்னாலும் நான் போனேன். சீக்கிரம் கிளம்ப முடிந்த நாட்களில் பயிற்சி முடிவதற்குள் போய்ச் சேர்ந்து, வெளியே கம்பி வேலியோரம் நின்றேன். புதிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சார் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் பஸ்ஸோடு கிளம்பிவிடுகிறவர். அடிக்கடி வாட்ச் பார்த்தார். என்னைக் கண்டதும் வாட்சிலிருந்து பார்வையை விலக்கினார்.

ஒரு நாள் என் மகள் பந்துக்குத் தாவி, முழங்கால் தேய விழுந்தாள். யாராவது ஓடுங்களேன் என்று கத்த வாயைத் திறப்பதற்குள் அவள் தானே எழுந்தாள். நொண்டிக்கொண்டு நேராக அவரிடம் போய்க் காலை நீட்டினாள்.

அவர் படியிலிருந்து இறங்கி மண்ணில் மண்டியிட்டார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார், பஞ்சால் ஒற்றினார், பிளாஸ்திரியைப் பிரித்து ஒட்டினார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வலையைப் பார்த்தபடி நின்றாள். முடிந்ததும் ரிஜிஸ்டரைத் திறந்து, பிளாஸ்திரி ஒன்று என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டார். அதை எங்கிருந்து பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாமா பிள்ளைங்களா?" என்று அவர் மைதானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் ஒரு செட் சார்" என்று கத்தினாள் என் மகள், பந்தைக் கேட்டுக் கையை உயர்த்திக்கொண்டே.