பஸ்ஸுக்குப் போன ஸ்கோர்

எங்கள் கபடி கிளப்பில் முட்டியில் அடிபட்டு உட்கார்ந்திருந்த எனக்கு, ஆட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஸ்கோர் அனுப்பும் வேலை வந்தது. அவர்கள் இருக்கிற இடமெல்லாம் நெட் இருக்காது என்பதால் எஸ்.எம்.எஸ்.தான். முதல் நாள் ஆட்டத்தை ரசித்து ரசித்து எழுதினேன். மதுரை பஸ்ஸில் கண்டக்டராக ஓடும் எங்கள் பழைய ஆட்டக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஸ்கோரைத்தான் காணோம். டிக்கெட் கிழிச்சுக்கிட்டே ஒரு பார்வைதான் பாக்க முடியுங்க."

அன்றிலிருந்து நம் புள்ளி, அவர்கள் புள்ளி, மீதி நேரம். அவ்வளவுதான்.

திருமயத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் இரு பக்கமும் இருபத்தேழு. கடைசியாகப் பாடிப் போன எங்கள் பையன் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். "ஜெயிச்சாச்சு, அனுப்புங்கண்ணே!" என்று கேப்டன் என் தோளை உலுக்கினார். ஆனால் தொடுவதற்கு முன்பே அவன் எல்லைக் கோட்டை மிதித்துவிட்டதாக எதிரணி சண்டைக்கு வந்தது. எனக்கும் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு அனுப்பினேன்:

"நாம 27, அவங்க 27. கடைசி ரெய்டு முடிஞ்சது. நடுவர் முடிவு வரல."

நடுவர்கள் கூடிப் பேசி எங்களுக்குப் புள்ளி கொடுத்தார்கள்.

"நாம 28, அவங்க 27. ஜெயிச்சோம்."

உடனே கண்டக்டரிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"முடிவு வரலைன்னு வாசிச்சதும் பஸ்ஸே மூச்சு விடலண்ணே! இப்ப டிரைவர் ஹாரனை விட மாட்டேங்குறாரு. ஒருத்தர் மட்டும் மொறச்சுக்கிட்டு எறங்கிப் போறாரு. எதிர் டீமோட ஊராம்!"