சிவப்பு மையில் திருத்திய கடிதம்

என் மகனுக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோதான் திருச்செங்கோட்டுப் பக்கம் திரும்புவான். சாயங்காலம் என் போனுக்குத்தான் கூப்பிடுவான். நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்தில் வைப்பேன். முதலில் நான், பிறகு என் மனைவி, கடைசியில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள். அவளுக்கென்று ஒரு போன் இருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். அவளிடம் தனியாகச் சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தான் போல. அவள் தனியாகக் கூப்பிட்டால் ரிக் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிடுவான்.

அதனால்தான் அவள் காகிதத்தில் எழுதினாள். மாற்று டிரைவர் ஒருவர் அந்த வண்டிக்குப் போகும்போது வீடுகளிலிருந்து பருப்புப்பொடி, மாத்திரை, துணி என்று வாங்கிக்கொண்டு போவார். மகனுக்கான பையைக் கட்டுகிற வேலையை நானே செய்வேன். சட்டை மடிப்புக்குள் அந்தக் கடிதம் இருந்தது. உறையில்லை. படித்தேன். ஒட்டியிருந்தாலும் பிரித்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மூன்று தொழில்களை யோசித்து எழுதியிருந்தாள். ஜாக்கெட் தைப்பது. மெஷின் அம்மா வீட்டில் இருக்கிறது, ஆனால் குழந்தை தவழ்ந்து வந்து ஊசியையும் கத்தரிக்கோலையும் எடுப்பான், தெருவில் ஏற்கெனவே இரண்டு பேர் தைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன். அதற்கு முதலீடு தேவையில்லை, ஆனால் கோடை விடுமுறையில் வருமானம் நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு வரி: ‘மாமா கூடத்தில் இருக்கிற வரைக்கும் என்னால் பாடம் சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தப்புக் கண்டுபிடிப்பார்.’

மூன்றாவது இட்லி மாவு. அதைத்தான் கேட்டிருந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் மில்லுக்குப் போகிறவர்கள். கடைப் பாக்கெட் வெயிலில் வீடு வருவதற்குள் புளித்துவிடுகிறது. காலையில் நாலுக்கு ஒன்று கணக்கில் அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறப்போட்டு, குழந்தை தூங்கும் மத்தியானத்தில் அரைத்து, அன்றைக்கே கொடுத்துவிட்டால் வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டில் புளிக்க வைத்துக்கொள்வார்கள். உளுந்து அரைக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் கிரைண்டர் சூட்டில் பொங்காது என்பது வரைக்கும் யோசித்திருந்தாள். உணவுப் பாதுகாப்புப் பதிவை இ-சேவையில் செய்துகொள்ளலாம். மாமாவின் தூக்கம் கெடாதபடி கிரைண்டரைப் பின்பக்கக் கொட்டகையில் வைத்துக்கொள்கிறேன். பெரிய கிரைண்டருக்கு மட்டும் நீங்கள் உதவுங்கள், மாமாவிடம் கேட்க வேண்டாம் என்று முடித்திருந்தாள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘தேய்மானம் எங்கே?’ ‘மின்கட்டணம் சேர்க்கவில்லை.’ ‘மாவு மீந்தால்?’ என்று ஓரத்தில் எழுதினேன். ஒற்றுப்பிழைகளைச் சுழித்தேன். டியூஷன் பத்திக்கு ஒரு சரி போட்டு, ‘நம் குடும்பத்துக்கு இதுவே தகும்’ என்று எழுதினேன். என்னைப் பற்றிய அந்த வரியை அடித்துவிட்டு ‘தேவையற்றது’ என்றேன். பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்துப் பையைக் கட்டிக் கொடுத்தேன்.

மகன் என்ன செய்தான் தெரியுமா? மனைவியின் கடிதத்தில் அப்பாவின் சிவப்பு மையைப் பார்த்த ஆண்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவன் அதைப் படம் பிடித்து அவளுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ‘அப்பாவே திருத்திட்டாரு. அவர் சொல்றபடி செய்.’ அவனை அப்படி வளர்த்தவன் நான்.

நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மருமகள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஏனுங்க மாமா, நான் எழுதுனது உங்களுக்குங்களா?”

“கணக்குல தப்பு இருந்துச்சு. தப்புன்னா சொல்லோணுமல்ல?”

“நான் உங்க கிளாஸ்ல படிக்கலீங்க. இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளுங்க.”

“தெருவுல நின்னு மாவு விக்கிறதுக்கா வந்தே?”

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி சொன்னாள்: “ரிட்டயர் ஆனதுல இருந்து பேப்பர் திருத்தாம கை அரிச்சுப் போச்சு அவருக்கு. கெடச்சது உன்ற கடுதாசி. உடு சாமி.”

“எத்தனை மார்க்குன்னும் போட்டிருக்கலாமுங்க மாமா” என்றாள் மருமகள்.

டியூஷன் ஆரம்பித்தாள். வேறு வழி விடவில்லையே நாங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நான் என் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் அந்த முறை சரியில்லை என்றேன். ஒரு பிள்ளையின் நோட்டை அவள் கையிலிருந்தே வாங்கித் திருத்தினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்து ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவள் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது அப்படியே நடந்தது. அடித்துவிட்ட வரியைத்தான் நான் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து மெய்யாக்கிக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவளுக்குச் சாமர்த்தியம் போதாது என்று மகனிடம் ஸ்பீக்கரில் சொன்னேன், அவள் கேட்கும்படியாக.

அடுத்த நாள் காலை பேரனைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போனாள். “போயிட்டு வாரேனுங்க” என்று என் மனைவியிடம் மட்டும் சொன்னாள். வரவில்லை. அங்கே மாவு அரைக்கத் தொடங்கினாள். பெரிய கிரைண்டரை அவள் அம்மா தவணையில் வாங்கிக் கொடுத்தார்களாம். மகன் தீபாவளிக்கு வந்தவன் நேராக ராசிபுரத்துக்குப் போனான். எங்கள் வீட்டில் தங்கியது ஒரே ஒரு ராத்திரி. அவன்மேல் எனக்கு வந்த கோபம் பொல்லாதது. ஸ்பீக்கரில் பேசும்போது இல்லாத முதுகெலும்பு இப்போது எங்கிருந்து வந்தது என்று கத்தினேன். அவன் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மடிப்பில் கிழிந்திருந்தது. என் எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. எவனோ ஒரு முரடன் எழுதியதுபோல் அதைப் படித்தேன்.

போன மாதம் ராசிபுரம் போனேன். சாயங்கால நேரம். வாசலில் பெண்கள் மாவு வாங்கத் தூக்குப்போசியோடு நின்றிருந்தார்கள். அவள் படியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“பாத்திரம் கொண்டாந்தீங்களா மாமா?”

“இல்லம்மா. உன்னையக் கூட்டிட்டுப் போலாம்னு.”

“பாத்திரம் இல்லீனா குடுக்கறதில்லீங்க. கவர்ல ஊத்துனா சீக்கிரம் புளிச்சுப் போகுது.” பின்னால் நின்றவளைப் பார்த்தாள். “நீங்க வாங்கக்கா.”

உள்ளேயிருந்து பேரன் என்னைப் பார்த்தான். ஓடி வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அவள் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள்மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

நேற்று மறுபடியும் போனேன். மூடி போட்ட தூக்குப்போசியோடு வரிசையில் நின்றேன். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். என் முறை வந்தபோது, “உன்ற கணக்குல ஒரு தப்பும் இல்லம்மா. நான் அடிச்ச அந்த வரியிலயும் இல்ல” என்று மட்டும்தான் வந்தது. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் எல்லோருக்கும் போலவே அளந்து ஊற்றினாள், காசை வாங்கிக்கொண்டாள், மூடியைத் தானே அழுத்தி மூடினாள்.

“பஸ்ல மடியில வெச்சுக்காதீங்க மாமா” என்றாள். “பொங்கி வழியும்.”