எட்டே முக்கால் கிலோ

கான்கிரீட் கட்டிகளைத் தராசில் வைத்தவள், எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். கட்டிகளில் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கட்டடப் பொருள்களைப் பரிசோதிக்கும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் போனால் முட்டைக்கோசைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவாள். கடைக்காரர் நாற்பது கிராம் கூடுதலாகப் போட்டால் திட்டுவாள். குறைத்துப் போட்டாலும் திட்டுவாள். பெண் பார்க்க வந்தவன் வேலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டதை அப்படியே எடை போட்டு, காபி ஆறுவதற்குள் அனுப்பிவைத்தாள். அதிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அவள் வேலை இதுதான். கட்டடத்தில் கான்கிரீட் கொட்டும்போது அதிலிருந்தே கொஞ்சம் அள்ளி, ஒரு சாண் கூட இல்லாத இரும்பு அச்சில் போட்டுக் குத்தி, மூன்று கட்டிகள் வார்ப்பார்கள். நாலு வாரம் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய பிறகு அவை இவளிடம் வரும். இவள் துடைத்து, நீள அகலம் அளந்து, எடை போடுவாள். பிறகு அழுத்தும் மெஷினில் வைத்து நொறுக்குவார்கள். நொறுங்கும்போது காட்டும் பலத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எடையை எவனும் சீந்துவதில்லை. இவளுக்கு முதலில் எடைதான்.

அன்று வந்தவை அவள் தம்பி இன்ஜினியராக இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக் கட்டிகள். இரண்டாம் மாடித் தளத்துடையவை. இவை தேறினால் தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்துவிட்டுக் கீழே வேலையாட்கள் தங்கக் கொட்டகை போடுவதாக இருந்தது.

முதல் கட்டி எட்டே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.

"நல்லா கனமா இருக்கு. உங்க தம்பி வேலைன்னா சும்மாவா?" என்றார் மெஷின்காரர். வேலையை விட வாய் அதிகம் ஓடுகிற மனிதர்.

"கனம்தான் கெடுக்குது," என்றாள் அவள்.

அந்தக் கட்டடத்துக் கலவையை இதே கூடத்தில்தான் முன்பு போட்டுப் பார்த்திருந்தார்கள். வெளிர்சாம்பல் ஜல்லி. அப்போது ஒரு கட்டி எட்டு கிலோ நூறு கிராம். கன மீட்டருக்கு இரண்டாயிரத்து நானூறு கிலோ அடர்த்தி. துளி காற்று இல்லாமல் அடைத்தாலும் எட்டு இருநூறைத் தாண்டாது. தாண்ட வழியே இல்லை, உள்ளே போட்ட பொருளே அவ்வளவுதான். ஒருவேளை அச்சு புடைத்திருக்குமோ என்று பக்கங்களை மறுபடி அளந்தாள். அணுவளவும் பிசகில்லை.

மெஷின்காரர் நொறுக்கினார். பலம் இருபத்தைந்து வந்தால் போதும் என்ற இடத்தில் முப்பத்தாறு வந்தது. அவர் கைதட்டாத குறை. அவள் உடைந்த துண்டைப் புரட்டினாள். உள்ளே ஜல்லி கன்னங்கரேலென்று இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"எந்த வேலையோட கட்டிடா இது?"

அவன் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா? எங்க கம்பெனி பாலத்து வேலைல கனமான கறுப்பு ஜல்லி. அங்க இருந்து மூணு எடுத்து, மேல நம்பரை மாத்தி எழுதினேன். பாஸ் ஆச்சுல்ல, விடுக்கா."

"உங்க தளத்தோட கட்டி எங்கே?"

"அது குப்பைக்குப் போயிடுச்சு. இதையெல்லாம் போய் பெருசு பண்ணாதே."

வாய் கூசாமல் சொன்னான். சின்ன வயதில் பரீட்சையில் இவளுடைய பழைய நோட்டை ஒளித்து வைத்துப் பார்த்து எழுதி மாட்டியபோதும் இதே சிரிப்புதான். அன்று இவள் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தாள். இன்று அதை நினைக்க இவள் மேலேயே இவளுக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். தம்பியும் அங்கேதான் இருந்தான். அவனைப் பிடித்து உலுக்கத்தான் போனாள். ஆனால் கை கழுவக் கொல்லைப்புறம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். துணி துவைக்கும் மெஷின் இரண்டு செங்கல் மேலும் இரண்டு கான்கிரீட் கட்டி மேலும் நின்றது. குனிந்து பார்த்தாள். சிவப்புப் பெயின்டில் இரண்டாம் மாடித் தளம், தேதி, எல்லாம் இருந்தது. குப்பைக்குப் போனது இங்கேதான் வந்திருக்கிறது.

"மூணாவது எங்கேம்மா?"

அம்மா சுவரோரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு கட்டி மூலை பொடிந்து கிடந்தது. பொடிந்த இடம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"மெஷின் ஓடுற ஆட்டத்துல மூலை பொலபொலன்னு உதிர்ந்துடுச்சுடி. சாய்ஞ்சு என் கால் மேல விழ இருந்துச்சு. உன் தம்பி பதறிப்போயிட்டான். ஓடிப்போய் செங்கல் கொண்டாந்து வெச்சான். பெத்தவ மேல எவ்வளவு பாசம் பாரு!"

சீ என்று வந்தது அவளுக்கு. அம்மாவின் காலுக்காகப் பதறியவன், ஒரு தளத்துக்கே முட்டுகளைப் பிரிக்கச் சொல்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

தம்பி பின்னால் வந்து நின்றான். கட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. உடனே ஒரு சமாளிப்பு.

"இது குத்தினவன் சரியா குத்தலக்கா. கட்டிதான் மோசம். தளம் கல்லு மாதிரி இருக்கு."

"அப்படியா? சரி, தளத்துலேயே துளை போட்டுத் துண்டு எடுத்துப் பார்ப்போம்."

அவன் உதிர்ந்த பொடியைக் காலால் சுவரோரம் தள்ளினான். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வெயிலில் கலவை இறுகிவிட்டது என்று குழாயைத் திறந்து, பலம் போய்விடும் என்று தெரிந்தும் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள். இவன் நிழலில் நின்று பார்த்திருப்பான்.

அவள் மெஷினுக்கடியில் இருந்த ஒரு கட்டியை உருவினாள்.

"மெஷின் ஆடும்டி!" என்றாள் அம்மா.

"ஆடட்டும்." கட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கொல்லை ஈரத்தில் ஊறியும் கையில் இலேசாக இருந்தது. "வாடா, லேபுக்குப் போய் எடை போடுவோம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"ஏழரை," என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அச்சைப் பிரிச்ச அன்னிக்கே போட்டுப் பார்த்தேன். மூணும் ஏழரைதான்."

அவள் இத்தனை நேரம் அவனைச் சோம்பேறி என்று நினைத்திருந்தாள், பார்க்காமல் விட்டவன் என்று. பார்த்திருக்கிறான். நாலு வாரத்துக்கு முன்பே எடை போட்டு, தெரிந்துகொண்டு, தூக்கிவந்து அம்மாவின் மெஷினுக்கடியில் செருகியிருக்கிறான்.

"எனக்கு வேலை போயிடும்க்கா," என்றான்.

"போகட்டும்."

"நீ என் கூடப் பிறந்தவதானே?"

"அந்த அருவருப்புதாண்டா தாங்க முடியல," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அறிக்கையில் எடையை எழுதினாள், அடர்த்தியை எழுதினாள். இந்தக் கலவையில் இந்த எடை வர வழியில்லை, உள்ளே இருப்பது வேறு ஜல்லி, முட்டுகளைத் தொடக்கூடாது, தளத்தில் துளையிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெஷின்காரர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

துளையிட்டு எடுத்த துண்டுகளும் எடை குறைவாகவே இருந்தன. பலம் வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தளத்தை இடித்தார்கள். தம்பியின் வேலை போயிற்று. அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாலு நல்ல செங்கல்லோடு போய் மெஷினைச் சரியாக நிறுத்தினாள். மிச்சமிருந்த கட்டிகளை வாசலுக்குத் தூக்கி வந்தாள். அம்மா கதவருகே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"அதையெல்லாம் எங்கே கொண்டு போறே?" என்று கேட்டாள் கடைசியில். "அவன் கொண்டாந்து வெச்சதுடி."

"எவ்வளவு இலேசா இருக்கு, நீயே பாரு," என்று அவள் ஒரு கட்டியை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"கனமாத்தானே இருக்கு?" என்றாள் அம்மா.