கொண்டைக்கடலைக்குப் பதில் பாசிப்பருப்பு

சிங்கப்பூரின் தெம்பனிஸ் கிளினிக்கில் முட்டிவலிக்காரர்களுக்கு நடைப்பயிற்சி தரும் அனமுக்கு, தீவின் மறுகோடியில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பசியில் கண் இருட்டும். அரிசி, கொண்டைக்கடலை, காய்கறி எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடுவாள். திறந்தால் கேரட் கூழாகியிருக்கும், கடலை கடிபடாது.

"இதைத் தின்னா பல் டாக்டருக்குத்தான் வருமானம் லா," என்றான் கணவன் யாசர். "நாளைக்கும் இப்படின்னா, தினம் வீட்டுக்கே சாப்பாடு கொண்டாந்து தர்ற கேட்டரிங் சொல்லிடுவேன்."

அனமுக்குச் சுருக்கென்றது. கேட்டரிங் குழம்பில் எண்ணெய்தான் மிதக்கும். பருப்பும் காயும் பேருக்குத்தான் இருக்கும். தன் கையால் சத்தாக ஒரு வேளை சமைக்கக்கூட முடியாதா?

மறுநாள் கிளினிக்கில், வேகமாக நடப்பவர்களை ஒரு குழுவாகவும் மெதுவாக நடப்பவர்களை இன்னொரு குழுவாகவும் எப்போதும்போல் பிரித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக் குக்கரில் மட்டும் எல்லாரையும் ஒன்றாக ஓடவிடுகிறாளே!

அன்று கடலையைத் தொடவில்லை. அரிசியோடு சேர்ந்து வேகும் பாசிப்பருப்பு, எலும்பில்லாத கோழித்துண்டுகள், பெரிதாக நறுக்கிய கேரட், பீன்ஸ், தாளிப்பு, தாராளமாகத் தண்ணீர். மூன்று விசில். ஆவி தானாக அடங்கியதும் மூடியைத் திறந்து, நறுக்கிய கீரையை அந்தச் சூட்டிலேயே கிளறிவிட்டாள்.

யாசர் இரண்டாம் தடவை தட்டை நீட்டினான்.

"கேட்டரிங்குக்குப் போன் போடலையா?" என்றாள் அனம்.

"சும்மா இரு லா. நாளைக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போக மிச்சம் இருக்கா, அதச் சொல்லு."